வர்க்கி டப்பாவுக்கு ஏஐ படம்: ப்ராம்ப்ட் எழுதும் முன் டிசைனருக்கு அனுப்ப வேண்டியவை

குன்னூரில் இருந்துகொண்டு தனியாக டிசைன் வேலை செய்கிறேன். பேக்கரி, தேயிலைக் கடை, ஹோம்ஸ்டே நடத்துபவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். "ஏஐல படம் போட்டுக் குடுத்துடுங்க தம்பி, சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்றுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். முடியும். ஆனால் படம் போடும் கருவிக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பு, அதாவது ப்ராம்ப்ட், சரியாக அமைய வேண்டுமானால் அதற்கு முன்பே கடைக்காரரிடமிருந்து சில விவரங்கள் வந்து சேர வேண்டும். அவை வராமல் தொடங்கிய வேலைகள் வாரக்கணக்கில் இழுத்து, இரண்டு பக்கமும் அலுத்துப்போய்த்தான் முடிகின்றன. அதனால் இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறேன்.

கீழே இருப்பது கோத்தகிரிப் பக்கம் விறகடுப்பில் வர்க்கி போடும் ஒரு அக்காவுக்கு எழுதியது. அவர் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். தேன், சாக்லேட், தைலம் விற்பவர்கள் வர்க்கி என்று வரும் இடத்தில் தங்கள் பொருளை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

---

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கால் கிலோ வர்க்கி டப்பாவின் முன்பக்கத்துக்குப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "ஊட்டி வர்க்கி, பின்னாடி டீ எஸ்டேட், பாரம்பரியமா இருக்கணும், பிரீமியமா தெரியணும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் மனதில் பார்ப்பது எனக்கு ஓரளவு புரிகிறது. கருவிக்குப் புரியாது. அந்த வார்த்தைகளை அப்படியே போட்டுப் பார்த்தேன். வந்த படத்தில் தட்டில் இருந்தது முட்டை தடவிப் பளபளவென்று சுட்ட வெளிநாட்டுப் பிறை ரொட்டி. பின்னால் படிக்கட்டு மாதிரி வெட்டிய வயல்கள், கூம்புத் தொப்பி போட்ட பெண்கள், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. இதில் எதுவுமே நம் ஊர் இல்லை.

இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்குக் கீழே எழுதியிருந்ததையும் வைத்துப் பழக்கப்பட்டவை. எது அதிகமாக இணையத்தில் இருந்ததோ அதுதான் அவற்றுக்குத் தெரியும். வர்க்கிக்கு அங்கே இடம் மிகக் குறைவு. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும் கருவி தனக்குப் பழக்கமான ஒன்றை வைத்து நிரப்பிவிடும். அதனால் உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது அழகான வர்ணனை அல்ல, விவரம்தான். என்னென்ன என்று வரிசையாக எழுதுகிறேன்.

## 1. முதலில் டப்பா: அளவு, அட்டை, எழுத்துக்கான இடம்

படத்தைப் பற்றிப் பேசும் முன் அது எங்கே உட்காரப்போகிறது என்று தெரிய வேண்டும். இப்போது வைத்திருக்கும் டப்பா ஒன்றைப் பிரித்துத் தட்டையாக விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் 14 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் என்று சொன்னீர்கள். அது மடிப்புக் கோட்டிலிருந்து மடிப்புக் கோடு வரையா, ஓரம் வரையா என்று ஒருமுறை அளந்து சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கம். உங்கள் முன்பக்கத்தையும் வெட்டுக்காக நான்கு ஓரமும் விடும் 3 மி.மீ.யையும் சேர்த்தால் சுமார் 1,725க்கு 2,200 புள்ளி வேண்டும். பல கருவிகள் முதலில் கொடுப்பது 1,024 புள்ளி அளவுப் படம்தான். அதை அச்சிட்டால் 9 செ.மீ.கூட வராது. பெரிதாக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பெரிதாக்கும்போது மாவுத் துகள், இலை நுனி போன்ற நுண்மையான இடங்களில் கருவி தன் இஷ்டத்துக்கு எதையாவது வரைந்து வைக்கும். அதைப் பார்த்துத் திருத்த நேரம் வேண்டும். அளவை நடுவில் மாற்றினால் இந்த வேலை முழுவதும் திரும்ப வரும்.

அடுத்தது அட்டை. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பலர் பழுப்பு கிராஃப்ட் அட்டைக்குப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழுப்பு அட்டையில் சாதாரண நான்கு வண்ண அச்சில் வெள்ளை நிறம் கிடையாது, அட்டையின் நிறமே வெள்ளைக்குப் பதிலாக நிற்கும். மூடுபனி, வெளிர் வானம், பால் டீ எல்லாம் அழுக்காகத் தெரியும். பழுப்பு அட்டைதான் என்றால் போட்டோ மாதிரிப் படம் வேண்டாம், ஒன்றிரண்டு நிறத்தில் கோட்டோவியமாகப் போகலாம். வெள்ளை அட்டை என்றால் போட்டோ மாதிரிப் போகலாம். இரண்டுக்கும் ப்ராம்ப்ட் முற்றிலும் வேறு. எனவே இந்த ஒரு முடிவை முதலில் எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் இனி எழுதுவது வெள்ளை அட்டை என்று வைத்துக்கொண்டுதான்.

எழுத்துக்கு எவ்வளவு இடம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைப்பெயர் மேலே பெரிதாக வர வேண்டும் என்றால், படத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாக இருக்க வேண்டும் என்று ப்ராம்ப்டிலேயே எழுதிவிடுவேன். படம் முடிந்தபின் "பேரைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்றால் மலையின் தலை மேல்தான் எழுத்து ஏறும்.

## 2. வர்க்கியை நிஜமாகவே போட்டோ எடுங்கள்

வர்க்கியைக் கருவியிடம் வரையச் சொல்லப்போவதில்லை என்பது என் முடிவு. பின்னணியை மட்டும் கருவி செய்யட்டும், வர்க்கி உங்கள் அடுப்பில் வந்ததாகவே இருக்கட்டும். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, அதற்கு வர்க்கி தெரியாது. மடிப்பு மடிப்பாக, ஒழுங்கில்லாத முடிச்சு மாதிரி இருக்கும் அந்த உருவத்தை எவ்வளவு விவரித்தாலும் அது பஃப் மாதிரியோ ரஸ்க் மாதிரியோதான் செய்து தருகிறது. இரண்டாவது, உணவுப் பொருளின் லேபிள் வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கக் கூடாது என்பது சட்டம். உள்ளே இருப்பது ஒன்று, அட்டையில் இருப்பது வேறொன்று என்றால் பதில் சொல்ல வேண்டியது டப்பாவில் பெயர் இருக்கும் நீங்கள்தான்.

போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம், உங்கள் போனே போதும். வர்க்கி முழுதாக ஆறியபின் எடுங்கள். ஜன்னல் ஓரமாக ஒரு மர மேசை போட்டு, வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், மேலே இருக்கும் டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் வர்க்கி ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் தெரியும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. லேசாக மேகம் மூடிய முற்பகல்தான் நல்ல நேரம். நம் ஊரில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

எனக்கு வேண்டிய படங்கள் இவை:

- ஐந்தாறு வர்க்கி குவியலாக, கண் மட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே போனைப் பிடித்து எடுத்தது. டப்பாவில் வரப்போவது இதுதான், எனவே பத்துப் பதினைந்து எடுத்து எல்லாவற்றையும் அனுப்புங்கள்.
- ஒரே ஒரு வர்க்கி, பக்கத்தில் ஒரு டீ கிளாஸ். இது அளவு தெரிவதற்காக.
- ஒன்றை உடைத்து, உள்ளே அடுக்குகள் தெரிகிற மாதிரி மிக அருகில்.
- அதே வெளிச்சத்தில், வர்க்கிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து ஒன்று. அந்தத் தாளை வைத்துத்தான் உண்மையான பழுப்பு எது என்று நான் கண்டுபிடிப்பேன்.

கருகிய விளிம்பு, உதிர்ந்த துகள் எதையும் துடைக்க வேண்டாம். விறகடுப்பு வர்க்கி என்று பார்ப்பவருக்குச் சொல்வதே அவைதான்.

அனுப்பும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். போன் திரையில் நன்றாகத்தான் தெரியும், அச்சில் போனால் கலங்கிவிடும். கிளிப் குறியைத் தொட்டு, `Document` என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அல்லது கூகுள் டிரைவில் போட்டு இணைப்பு அனுப்புங்கள். வந்த படம் சில நூறு கேபி அளவில்தான் இருக்கிறது என்றால் சுருங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே உங்களிடம் சொல்லிவிடுவேன்.

## 3. பின்னணி: எந்த மலை, எந்த மாதம், என்ன நேரம்

"டீ எஸ்டேட்" என்று மட்டும் சொன்னால் கருவி உலகத்தில் எங்கோ இருக்கும் தோட்டத்தைக் காட்டும். நீலகிரித் தோட்டத்தை நீலகிரித் தோட்டமாகக் காட்டுவது சில அடையாளங்கள். இடுப்பளவு உயரத்தில் மேலே தட்டையாக வெட்டப்பட்ட செடிகள். மேட்டின் வளைவோடு வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள். நடுநடுவே நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். பின்னால் சோலை அடர்ந்த, உருண்டையான மலைகள். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அங்கே உறைபனி விழும், பனிச்சிகரம் கிடையாது. ஆனால் கருவிக்குத் தேயிலை என்றாலே பின்னால் வெள்ளைச் சிகரம் வைக்கும் பழக்கம் இருக்கிறது. தென்னை மரத்தையும் சில சமயம் கொண்டுவந்து நட்டுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வீட்டிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ தினமும் பார்க்கும் சரிவை மூன்று நான்கு போட்டோ எடுத்து அனுப்புவதுதான். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் அதைப் பார்த்துத்தான் வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பேன், தேவைப்பட்டால் கருவிக்கு மாதிரிப் படமாகவும் கொடுப்பேன். அதோடு இந்த மூன்றையும் எழுதுங்கள்: எந்தப் பருவம், காலையா மாலையா, பனிமூட்டம் எவ்வளவு. ஜனவரியில் எடுத்த படம் என்றால் உறைபனியில் கருகிய பழுப்புச் செடிகள் வரும். மழை முடிந்த நேரம் என்றால் கொழுந்து வெளிர்ப்பச்சையாக இருக்கும். எது உங்களுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

வெளிச்சத்தின் திசை எல்லாவற்றையும் விட முக்கியம். வர்க்கி போட்டோவில் வெளிச்சம் இடமிருந்து வருகிறது என்றால் பின்னணியிலும் இடமிருந்துதான் வர வேண்டும். இது ஒத்துப்போகவில்லை என்றால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் வர்க்கியை வெட்டி ஒட்டியிருப்பது தெரிந்துவிடும். சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது: வர்க்கியின் நிழலும் மரங்களின் நிழலும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

கொழுந்து பறிப்பவர்கள் படத்தில் வேண்டுமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டும் என்றால், உங்கள் பக்கத்தில் எப்படிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். சேலை மேல் சட்டையா, ஸ்வெட்டரா, இடுப்பில் என்ன கட்டியிருக்கிறார்கள், கையால் பறிக்கிறார்களா, கத்தரியால் வெட்டுகிறார்களா, முதுகில் கூடையா பையா. சொல்லாவிட்டால் மூங்கில் கூடையும் நகையும் போட்டுச் சிரிக்க வைத்து நிறுத்திவிடும். என்னைக் கேட்டால் ஆட்கள் வேண்டாம். சின்ன உருவங்களில் கையும் முகமும் இன்னமும் கோணலாகத்தான் வருகின்றன, கடைசியில் அவற்றை அழிக்கத்தான் நேரம் போகிறது.

மலை ரயில் வேண்டும் என்று உங்கள் மகன் சொன்னதாகச் சொன்னீர்கள். போடலாம், ஆனால் அதற்கும் விவரம் வேண்டும். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் நீராவி எஞ்சின் மேலே ஏறும்போது பின்னால் இருந்து தள்ளும், முன்னால் இழுக்காது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த கம்பி இருக்கும். பெட்டிகள் நீலமும் கிரீம் நிறமும். கருவி நெடுநீள ரயில் ஒன்றைப் போட்டு முன்னால் எஞ்சினை மாட்டிவிடும். நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், தப்பு என்று கண்டுபிடித்துவிடுவார். 14 செ.மீ. அகலத்தில் வர்க்கியும் தோட்டமும் இருக்க, ரயிலுக்கு இடமும் இல்லை. அதைப் பக்கவாட்டில் சின்னக் கோட்டோவியமாக நானே வரைந்து தருகிறேன்.

## 4. "பிரீமியம்", "பாரம்பரியம்": இவற்றைப் பொருளாக மாற்றுங்கள்

இந்த இரண்டு சொல்லும் கருவிக்குப் போனால் முதலாவது கறுப்புப் பின்னணியும் தங்கக் கோடுமாக வரும், இரண்டாவது பித்தளைப் பாத்திரமும் வாழையிலையுமாக வரும். நீங்கள் சொன்னது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். எனவே உங்கள் கடை அலமாரியில் இருக்கும் மற்றவர்களின் டப்பாக்களில் பிடித்தது மூன்று, கொஞ்சம்கூடப் பிடிக்காதது ஒன்று, போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று ஒரு வரி போதும். "இதில் நிறம் குறைவாக இருக்கு", "இதில் எழுத்து தூரத்திலிருந்தே தெரியுது" என்ற மாதிரி. அதைப் பார்த்து நகல் எடுக்க மாட்டேன், உங்கள் ருசி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பாரம்பரியம் என்பது உங்கள் வீட்டில் என்ன? அந்த விறகடுப்பா, தாத்தா காலத்து இரும்புத் தட்டா, வர்க்கி கட்டித் தரும் செய்தித்தாள் பொட்டலமா? இருப்பதில் ஒன்றைச் சொல்லுங்கள், அதன் போட்டோவும் வேண்டும். மேசை மேல் அந்தப் பழைய தட்டு ஒன்று இருந்தால் போதும், வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது.

பக்கத்தில் டீ வேண்டுமா என்றும் சொல்லுங்கள். வேண்டும் என்றால் அதையும் வர்க்கியோடு சேர்த்தே போட்டோ எடுத்துவிடுங்கள். கண்ணாடி கிளாஸில் நுரையோடு பால் டீ. கருவியிடம் விட்டால் பீங்கான் கோப்பையில் கட்டன் டீ ஊற்றி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு செருகிவிடும்.

## 5. வரக் கூடாதவற்றைத் தனிப் பட்டியலாகத் தாருங்கள்

என்ன வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், என்ன வேண்டாம் என்பதைப் படம் வந்தபின்தான் சொல்கிறார்கள். அது முதலிலேயே வேண்டும். காரணம், "ஆட்கள் வேண்டாம்" என்று ப்ராம்ப்டுக்குள்ளேயே எழுதினால் "ஆட்கள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்களைக் கொண்டுவந்துவிடும் கருவிகள் உண்டு. வேண்டாதவற்றைத் தனி இடத்தில் கொடுக்க வேண்டும். மிட்ஜர்னி என்ற படக் கருவியில் அதற்கு `--no` என்று கடைசியில் போடுவோம்.

உங்கள் குரல் பதிவில் இருந்ததையும், பிறகு போனில் சொன்னதையும் வைத்து நான் எழுதியிருக்கும் பின்னணிக்கான ப்ராம்ப்ட் இது:

```
photo, rolling hillside of flat-topped tea bushes,
narrow winding footpaths, a few tall straight silver oaks,
low rounded forested hills behind, thin morning mist,
soft light from the left, bare old wooden table in front,
plain pale sky in top third --ar 7:9 --no snow, terraces, people, palm trees
```

தட்டையாக வெட்டிய செடிகள், வளைந்த பாதை, சில்வர் ஓக், உருண்டை மலை, மெல்லிய பனி, இடமிருந்து வெளிச்சம், முன்னால் வெறும் மேசை, மேலே எழுத்துக்கு வானம் என்றுதான் இதில் எழுதியிருக்கிறது. 7:9 என்பது உங்கள் 14க்கு 18. ஊட்டி என்றோ வர்க்கி என்றோ பாரம்பரியம் என்றோ ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஊட்டி" என்று போட்டால் ஏரியும் படகும் வருகிறது. அந்த வெறும் மேசை மேல்தான் உங்கள் வர்க்கி போட்டோவைக் கொண்டுவந்து வைக்கப்போகிறேன். மேசையை எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பது நீங்கள் போன் பிடித்த உயரத்தைப் பொறுத்தது, அதனால் வர்க்கி படம் வந்தபின் அந்த வரியில் ஒரு சொல் மாறலாம்.

## 6. எழுத்து முழுவதும் தனியாக

படத்துக்குள் தமிழ் எழுத்தைக் கருவியிடம் விடவே கூடாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும், இல்லாத எழுத்துகளும் முளைக்கும். எல்லா எழுத்தையும் நான் கையால்தான் அமைப்பேன். அதற்கு வேண்டியவை: கடைப்பெயர், போர்டில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டில். முகவரி, வாடிக்கையாளர் புகாருக்கான போன் எண், மின்னஞ்சல். நிகர எடை, விலை. சேர்த்த பொருள்கள், அளவில் அதிகமானதில் தொடங்கிக் குறைந்தது வரை. தயாரித்த தேதி எங்கே குத்துவீர்கள், எத்தனை நாள் தாங்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண். ஊட்டச்சத்து விவரம். கோதுமை, பால் சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கும் சைவக் குறியை நான் போட்டுக்கொள்கிறேன்.

இவற்றைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள், பழைய லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் 3 எது 8 எது என்று குழப்பம் வரும். டிடிபி சென்டரில் அடித்த பழைய ஃபைல் இருந்தால், அது பாமினி எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். என்னிடம் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். வாட்ஸ்ஆப்பில் தமிழில் அடித்து அனுப்பினாலே போதும்.

ஒன்று மட்டும் கவனம்: வனஸ்பதியில் செய்வதை நெய் என்று எழுதச் சொல்லாதீர்கள். படத்திலும் பக்கத்தில் நெய்க் கிண்ணம் வைக்க மாட்டேன்.

## 7. யாருடைய படம், யாருடைய கலை

கூகுளிலோ பின்டரெஸ்டிலோ எடுத்த போட்டோவை "இதே மாதிரி" என்று அனுப்பினால், பார்த்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்வேன். கருவிக்குள் ஏற்ற மாட்டேன். அந்தப் படம் வேறொருவருடையது, வரும் படம் அதை ஒத்துப்போனால் சிக்கல் உங்கள் டப்பாவுக்கு. உங்கள் அடுப்படியில் வேலை செய்பவர்கள் போட்டோவில் இருந்தால் அவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கை மட்டும் தெரிந்தாலும் கேட்டுவிடுவது மரியாதை.

டப்பா ஓரத்தில் தோடர் பூ வேலை மாதிரி ஒரு பார்டர் வேண்டும் என்றீர்களே, அதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் அந்த எம்ப்ராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் இழையை எண்ணி எண்ணிக் கோக்கும் வடிவங்கள் அவை. கருவி செய்து தருவது அதைப் போலத் தெரியும் ஏதோ ஒரு கோலம்தான். அதை வைத்து வியாபாரம் செய்வது சரியில்லை. உண்மையிலேயே வேண்டும் என்றால் அவர்களிடம் போய்க் கேட்டு, பணம் கொடுத்து ஒரு துணி வாங்கி, டப்பாவில் பயன்படுத்த அனுமதியும் எழுதி வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் போடலாம். அதற்கு நானும் கூட வருகிறேன்.

## 8. பணம், நாள்

என் கட்டணம் 9,000 ரூபாய். பின்னணிப் படம், வர்க்கியைப் பொருத்துவது, டப்பாவின் எல்லாப் பக்கமும் எழுத்து அமைப்பது, அச்சகத்துக்கான ஃபைல் எல்லாம் அதில் அடங்கும். பாதி முன்பணம், மீதி ஃபைல் கொடுக்கும்போது. கருவியின் மாதச் சந்தா என் செலவு. இரண்டு சுற்றுத் திருத்தம் இதற்குள்ளேயே வரும். நிறம், இடம், எழுத்தின் அளவு மாற்றுவது திருத்தம். முதலில் சொல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது திருத்தம் அல்ல, பின்னணியைத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு 1,200 தனி. கருவியில் ஒரே ப்ராம்ப்டை மறுபடி கொடுத்தாலும் அதே படம் திரும்ப வராது. "போன வாரம் காட்டினதுல ரயில் மட்டும் சேர்த்துடுங்க" என்பது கேட்க எளிது, செய்ய அப்படி இல்லை.

அச்சுச் செலவு இதில் சேராது. டப்பா வெட்டும் டைக்கு ஒரு தடவைச் செலவு உண்டு. அளவு மாறாமல் இருந்தால் அடுத்த தடவையும் அதே டை உதவும். முதல் தடவை சில நூறு டப்பாதான் என்றால் டிஜிட்டல் அச்சு போதும், ஆயிரத்துக்கு மேல் போனால் ஆஃப்செட் மலிவு. எதுவானாலும் உங்கள் அட்டையிலேயே ஒரு மாதிரி அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. போனில் பளிச்சென்று இருக்கும் கொழுந்துப் பச்சை, அச்சு மையில் எப்போதும் ஒரு படி மங்கும். திரையைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டுக் கட்டைப் பிரிக்கும்போது வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஏப்ரல், மே சீசனுக்கு டப்பா வேண்டும் என்றால் மார்ச் நடுவில் கையில் இருக்க வேண்டும். அச்சு, டை வெட்டு, ஒட்டுவது, கோயம்புத்தூரிலிருந்து மேலே வருவது என்று மூன்று வாரம். எனக்கு இரண்டு வாரம். விவரமும் போட்டோவும் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முழுதாக வந்துவிட வேண்டும். ஆனால் தோட்டத்து போட்டோவை அதற்காக ஜனவரியில் போய் எடுக்க வேண்டாம், உறைபனியில் செடி கருகியிருக்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் எடுத்தது போனில் இருந்தால் அதையே அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பக் காத்திருக்க வேண்டாம். டப்பா அளவும் அட்டை முடிவும் இந்த வாரமே வந்தால் போதும், வர்க்கி போட்டோ அடுத்த வாரம் வரட்டும். போட்டோ எடுக்கும் அன்றைக்கு முதலில் ஒன்று மட்டும் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் போடுங்கள், வெளிச்சம் சரியா என்று உடனே பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் மீதியை எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மேட்டுப்பாளையத்தில் இருப்பேன்.

அன்புடன்,
தம்பி
குன்னூர்